அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்துக்காக எழுதிய மூன்று நிமிட உரை: நாட்குறிப்பு

4 மார்ச் 2025, செவ்வாய்

அக்காவுக்கு இம்மாதம் 22ஆம் தேதி ஐம்பது வயது நிறைகிறது. அன்றிரவு விருந்தில் எங்கள் பரிசை நான் கொடுக்க வேண்டும் என்றும், கொடுக்கும்போது சில வார்த்தைகள் பேச வேண்டும் என்றும் அத்தான் இன்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். அக்காவுடன் பல ஆண்டுகள் பணியாற்றிய தோழி ஒருவர் அவருடைய வேலையைப் பற்றிப் பேசுகிறார்; அக்காவின் மகள் அம்மாவாக அவரைப் பற்றிப் பேசுகிறாள். ஆகவே அக்காவின் ஐம்பது ஆண்டுகளையும் நான் சொல்லி முடிக்க வேண்டியதில்லை. இந்தப் பொருளை இவருக்கு ஏன் கொடுக்கிறோம் என்ற ஒரே கேள்விக்கு என் உரை பதில் சொன்னால் போதும். அதற்கு மூன்று நிமிடம் தாராளம். அதற்கு மேல் போனால் மற்ற இருவரின் இடத்தை நான் எடுத்துக்கொண்டதாகிவிடும்.

பரிசு என்னவென்று நானும் தங்கையும் முன்பே முடிவு செய்துவிட்டோம். கனமான அடிப்பாகமும், விரும்பிய பக்கம் வளைத்துத் திருப்பக்கூடிய நீண்ட கையும் கொண்ட படிப்பு விளக்கு அது. அக்கா இரவில் வெகுநேரம் படிப்பவர். கண்ணின் வில்லை வயதோடு மெல்ல இறுகி வருவது நாற்பதைக் கடந்தபின் தெரியத் தொடங்குகிறது. வயது ஏற ஏறக் கண்பாவையும் சிறுத்து, உள்ளே போகும் ஒளி குறைகிறது. இளவயதில் போதுமாக இருந்த வெளிச்சம் ஐம்பதில் போதாமல் போவது இதனால்தான். விளக்கைத் தேர்ந்தெடுக்க இது நல்ல காரணம், ஆனால் இதை மேடையில் சொல்லக் கூடாது. ஐம்பதாவது பிறந்தநாளில் கண், முட்டி, நரை பற்றியெல்லாம் பேசினால் சபை சிரிக்கும். பிறந்தநாள் கொண்டாடுகிறவரும் சிரித்தாக வேண்டியிருக்கும். அந்தக் கட்டாயத்தை அக்காவுக்கு நான் ஏற்படுத்த விரும்பவில்லை.

8 மார்ச், சனி

எந்த நிகழ்ச்சியைச் சொல்வது என்பதே இந்த வேலையின் கடினமான பகுதி. என் மனத்தில் முதலில் வந்து நின்றது கல்லூரிக் கட்டணம். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், தமக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை அக்கா எனக்காகக் கட்டினார். அவரைப் பற்றிச் சொல்வதற்கு அதைவிடப் பெரிய செய்தி என்னிடம் இல்லை. ஆயினும் இரண்டு நாள் யோசித்தபின் அதை விலக்கிவிட்டேன். அத்தானின் பெற்றோரும் அலுவலக நண்பர்களும் அமர்ந்திருக்கும் இடத்தில் அதைச் சொன்னால், அன்று எங்கள் வீட்டில் பணம் இல்லாமல் போன கதையையும் சேர்த்தே சொன்னதாகும். அதை அக்கா இத்தனை ஆண்டுகளில் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் மறைத்து வைத்த நன்மையை, என் நன்றியைக் காட்டிக்கொள்வதற்காக நான் வெளியில் எடுத்து வைப்பது முறையாகாது. அந்த நன்றியைத் தனியே ஒரு கடிதமாக எழுதிக் கொடுப்பேன்.

சபையில் சொல்லத்தக்க நிகழ்ச்சிக்கு நான் வைத்துக்கொண்ட சோதனை எளியது: சொல்லும்போது அக்கா எல்லோர் முகத்தையும் பார்த்தபடி அமர்ந்திருக்க முடியுமா, தலையைக் குனிந்துகொள்வாரா என்று எண்ணிப் பார்ப்பது. இந்தச் சோதனையில் நின்றது மேசை விளக்கு. நாங்கள் படித்த காலத்தில் வீட்டில் ஒரு மேசையும் ஒரு விளக்கும்தான் இருந்தன. அக்கா ஒரு பக்கமும் நான் எதிர்ப்பக்கமும் உட்காருவோம். விளக்கை ஒருவர் பக்கம் திருப்பினால் மற்றவர் பக்கம் மங்கிவிடும். நான் புத்தகத்தைத் திறந்ததும் அக்கா அதை என் பக்கம் திருப்பிவிடுவார். நான்கு சொற்களில் சொல்லிவிடக்கூடிய சிறு செயல். கேட்பவர் எவரும் அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பரிசும் விளக்காக இருப்பதால் நிகழ்ச்சியையும் பொருளையும் இணைப்பதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

இன்று மாலை அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அது பள்ளி இறுதித் தேர்வை அக்கா எழுதிய ஆண்டு என்றும், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன் என்றும் அம்மா சொன்னார். இந்த விவரம் எனக்கு நினைவில் இல்லை. கதையின் எடை முழுவதும் இதில்தான் இருக்கிறது. அவர் படித்தது இயற்பியல், நான் படித்தது வாய்ப்பாடு. குடும்பக் கதையைப் பொது இடத்தில் சொல்வதற்கு முன் அதை நேரில் பார்த்த இன்னொருவரிடம் கேட்டுவிடுவது எவ்வளவு நல்லது என்பதை இன்று உணர்ந்தேன்.

13 மார்ச், வியாழன்

முதல் வரைவை எழுதினேன். அதில் “அன்பின் உருவம்”, “தியாகத்தின் சிகரம்” என்றெல்லாம் வந்திருந்தவற்றை அடித்துவிட்டேன். அவற்றை எந்த அக்காவுக்கும் சொல்லலாம். விளக்கைத் திருப்பியது என் அக்கா மட்டுமே.

வரிசையைப் பற்றியும் யோசித்தேன். பரிசு என்னவென்று முதலிலேயே சொல்லிவிட்டால் மீதி உரை அதற்கான நியாயம் கூறுவதாக மாறிவிடும். நிகழ்ச்சியைச் சொல்லி, பொருளின் பெயரையே சொல்லாமல் கையில் கொடுத்தால், கேட்பவர்கள் தாங்களாகவே இணைத்துக்கொள்வார்கள். ஆகவே நான் யார் என்று ஒரு வாக்கியம், பிறகு மேசை, பிறகு தேர்வு ஆண்டு, கடைசியில் அக்காவை நோக்கிய இரண்டு வாக்கியங்கள் என்று வைத்திருக்கிறேன். விலை, வாங்கிய இடம், தேடி அலைந்தது எதுவும் வராது.

18 மார்ச், செவ்வாய்

கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் படித்துப் பார்த்தேன். தாளில் அழகாக இருந்த ஒரு வாக்கியம் வாயில் நிற்கவில்லை. “மேசையின் மறுபக்கம் அமர்ந்து வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்த என் பக்கமாக விளக்கைத் திருப்பிவிட்டு, தாம் மங்கிய வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்த அக்கா” என்று எழுதியிருந்தேன். எழுத்தில் வினைமுற்றைக் கடைசிவரை தள்ளிப்போடலாம். கண் திரும்பிச் சென்று பார்த்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அதை மூன்று வாக்கியங்களாக உடைத்து, ஒவ்வொன்றையும் வினைமுற்றில் நிறுத்தினேன். மூச்சும் சீரானது, கேட்பவருக்கும் காட்சி ஒவ்வொன்றாக வந்து சேரும்.

யாரை நோக்கிப் பேசுவது என்பதையும் இன்று முடிவு செய்தேன். கதையைச் சொல்லும்போது விருந்தினரைப் பார்த்து “அக்கா”, “அவர்” என்று சொல்வேன். கொடுக்கும் நேரத்தில் அவர் பக்கம் திரும்பி, வீட்டில் பேசுவதுபோலவே “நீ” என்று சொல்வேன். பிறந்ததிலிருந்து “நீ” என்று அழைத்தவரைச் சபைக்காக “நீங்கள்” என்றால், அவருக்கே அது யாருக்கோ சொன்னதாகப் படும். திரும்பும் அந்தக் கணத்தில் ஒரு முழு மூச்சு இடைவெளி விட வேண்டும் என்று தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

குரல் தழுதழுக்கும் இடம் எதுவென்றும் தெரிந்துவிட்டது: “அன்று எனக்குத் தெரியவில்லை” என்ற வாக்கியம். அதற்குமுன் நின்று, மூச்சை வெளியே விட்டுவிட்டுச் சொன்னால் கடந்துவிட முடிகிறது.

21 மார்ச், வெள்ளி

விருந்து நடக்கும் கூடத்துக்குப் போய்வந்தேன். தட்டுகளை எடுத்தபின், இனிப்பு வருவதற்கு முன் பேசுவதென்று அத்தானுடன் பேசி வைத்துக்கொண்டேன். பசியோடு இருப்பவர்களும், உண்டு முடித்துக் கிளம்பும் எண்ணத்தில் இருப்பவர்களும் ஒருபோல் கவனமற்றவர்கள். இடையிலுள்ள அந்த நேரத்தில்தான் எல்லோரும் இருக்கையில் இருப்பார்கள்.

விளக்கைப் பெட்டியோடு கொடுத்தால் அட்டையையும் நுரைத்துண்டுகளையும் பிரிப்பதிலேயே இரண்டு நிமிடம் போய்விடும். அதற்குள் பேச்சு குளிர்ந்துவிடும். ஆகவே முன்கூட்டியே பொருத்தி, ஒரு துணியால் மூடி, அக்காவின் மேசைக்கு அருகில் தங்கை வைத்திருப்பாள். அடிப்பாகம் கனமானது, ஒரு கையில் ஒலிவாங்கியுடன் மறுகையால் அதைத் தூக்க முடியாது. நான் பேசி முடித்து ஒலிவாங்கியை வைத்தபின் இருவரும் சேர்ந்து மேசையில் வைப்போம். மின்செருகியைப் பொருத்தும் இடம் மேசையை ஒட்டிய சுவரிலேயே இருக்கிறது. வடத்தின் நீளம் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டேன். அக்கா இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், எழுதும் கையின் நிழல் தாளில் விழாதபடி அவருக்கு வலப்பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

23 மார்ச், ஞாயிறு

நேற்று இரவு பேசியது இதுதான்.

“எல்லோருக்கும் வணக்கம். நான் இவருடைய தம்பி. மூவரில் நடுவில் பிறந்தவன். நாங்கள் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு மேசை இருந்தது. அதன்மேல் ஒரு விளக்கு இருந்தது. ஒரு பக்கம் அக்கா உட்காருவார். எதிர்ப்பக்கம் நான் உட்காருவேன். அந்த விளக்கை ஒருவர் பக்கம் திருப்பினால் மற்றவர் பக்கம் மங்கிவிடும். நான் புத்தகத்தைத் திறப்பேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் விளக்கை என் பக்கம் திருப்பிவிடுவார். அந்த ஆண்டு அவர் பள்ளி இறுதித் தேர்வு எழுதினார். நான் ஐந்தாம் வகுப்பு. அவர் கையில் இயற்பியல். என் கையில் வாய்ப்பாடு. அந்த வெளிச்சம் யாருக்கு அதிகம் தேவைப்பட்டது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அக்கா, இது நானும் தங்கையும் உனக்குக் கொண்டுவந்தது. இதை நீ யார் பக்கமும் திருப்ப வேண்டாம். உன் பக்கமே வைத்துக்கொள்.”

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “இயற்பியல்” என்றபோது அக்காவின் தோழி சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தது, அடுத்த வாக்கியத்துக்கு முன் மூச்சுவிட எனக்கு உதவியது. தங்கை துணியை எடுத்தபோது அத்தானின் தாயார்தான் முதலில் கைதட்டினார். அக்கா பதிலுரை சொல்ல வேண்டும் என்று யாரோ குரல் கொடுத்தார். அத்தான் உடனே இனிப்பை வரவழைத்துவிட்டார். அது நாங்கள் முன்பே பேசி வைத்துக்கொண்டது. எதிர்பாராமல் பரிசு பெற்றவரை அந்த நிமிடமே பேசச் சொல்வது அவரைச் சிரமப்படுத்துவது.

இன்று காலை அக்கா அழைத்தார். நான் எழுந்து நின்றதும் கல்லூரிக் கட்டணத்தைத்தான் சொல்லப்போகிறேன் என்று எண்ணி, கை நடுங்கியதாகச் சொன்னார். மேசை என்று தொடங்கியபின்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். அந்த மேசை இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். தங்கையிடம் இருப்பதைச் சொன்னேன். நான் கோடு போட்டு வைத்திருந்த தாளையும் கேட்டார். அதை அந்தக் கடிதத்துடன் ஒரே உறையில் வைத்து நாளை நேரில் கொடுப்பேன்.