பேக்கிங் மேசை நாட்குறிப்பு

செப்டம்பர் 15, 2025, திங்கள்

மதுரையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் காலையிலேயே தொலைபேசியில் அழைத்தார். எலுமிச்சைப்புல் சோப்பு மூன்று, வெட்டிவேர் சோப்பு ஒன்று கேட்டிருந்தார். போய்ச் சேர்ந்தது இரண்டும் இரண்டும். "ஸ்கேன் செய்துதானே அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

எங்கள் முறை இதுதான். பில்லில் உள்ள பார்கோடைப் படித்தால் அந்த ஆர்டரில் உள்ள பொருள்கள் திரையில் வரும். பிறகு ஒவ்வொரு பொருளையும் படிக்கப் படிக்க எண்ணிக்கை ஏறும். வேறு பொருளைக் காட்டினால் சிவப்பு விழுந்து நீண்ட ஒலி கேட்கும். எல்லாம் சரியாக முடிந்தால்தான் முகவரி லேபிள் அச்சாகும். அப்படியிருக்க, இந்தப் பார்சலுக்கு லேபிள் எப்படி வந்தது?

மாலையில் பதிவைத் திறந்து பார்த்தேன். எலுமிச்சைப்புல் சோப்பு 11:42:07க்கு ஒரு முறை, 11:42:08க்கு இரண்டு முறை. எட்டு வினாடி கழித்து வெட்டிவேர் ஒரு முறை. மூன்று சோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட எந்தக் கையாலும் ஒரு வினாடியில் முடியாது. ஒரே சோப்பைத்தான் மூன்று முறை படித்திருக்கிறார்கள். மற்ற இரண்டும் யார் கண்ணிலும் படாமலே பெட்டிக்குள் போயிருக்கின்றன. எல்லாமே 100 கிராம் சோப்பு என்பதால் எடை பார்த்திருந்தாலும் பிடிபட்டிருக்காது.

செப்டம்பர் 17, புதன்

இன்று வில்லியனூர் கூடத்தில் மேசைக்கு எதிரே ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். பேக்கிங் செய்யும் அக்காவின் வலக்கையில் ஸ்கேனர் துப்பாக்கி. மிச்சம் இருப்பது இடக்கை மட்டும். தட்டில் சோப்புகள் கவிழ்ந்தும் சாய்ந்தும் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் திருப்பி ஸ்டிக்கரைத் தேட வேண்டும். அதனால் ஸ்டிக்கர் மேலே தெரிகிற ஒரு சோப்பின் மீதே விசையை மூன்று முறை அழுத்திவிட்டு, துப்பாக்கியைக் கீழே வைத்து, இரண்டு கைகளாலும் எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டியில் போடுகிறார்.

"எண்ணிக்கை சரியாகத்தானே வருகிறது தம்பி?" என்றார் அக்கா. அவர் மீது எனக்குக் கோபமே வரவில்லை. ஒரு கையைக் கட்டிப்போட்டு வேலை வாங்கியது நான்தான். படிக்கப்படுவது ஒரு சோப்பு, பெட்டிக்குள் போவது வேறொரு சோப்பு என்ற நிலை இருக்கும் வரை இந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. காட்டிய சோப்பு அதே கையோடு பெட்டிக்குள் போக வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

ஸ்கேனரைத் தாங்கியில் நிறுத்திவிட்டேன். இடப்பக்கம் தட்டு, நடுவில் ஸ்கேனர், வலப்பக்கம் பெட்டி. விசையை அழுத்த வேண்டியதில்லை. பொருளைக் காட்டினால் தானே படித்துக்கொள்ளும். இரண்டு கைகளும் சும்மா இருப்பதால் இடக்கை எடுக்கிறது, வலக்கை வாங்கிக் காட்டிவிட்டுப் பெட்டியில் வைக்கிறது.

ஆனால் புதிய தொல்லை ஒன்று உடனே வந்தது. ஒரே சோப்பைச் சற்று நேரம் கண்ணாடி முன் பிடித்திருந்தால் இரண்டாக எண்ணிவிடுகிறது. ஒரே பார்கோடை மறுபடி படிக்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஸ்கேனரில் ஓர் அமைப்பு உண்டு. அது அரை வினாடியாக இருந்தது. கையேட்டில் அதற்கென்றே அச்சிட்ட பார்கோடுகள் இருக்கின்றன; வேண்டியதை ஸ்கேனரிடம் காட்டினால் அமைப்பு மாறிவிடும். மூன்று வினாடி வைத்துப் பார்த்தேன். அக்கா வேகமாகக் காட்டிய இரண்டாவது சோப்பை அது கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் ஒரு வினாடிக்கு வந்து நின்றேன்.

இதில் முழுத் தீர்வு கிடையாது. குறைத்தால் ஒன்று இரண்டாகும், கூட்டினால் இரண்டு ஒன்றாகும். அக்காவிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: ஒலி கேட்காமல் எந்தப் பொருளும் கையை விட்டுப் பெட்டிக்குள் போகக் கூடாது.

செப்டம்பர் 24, புதன்

ஒலியை மட்டும் நம்ப முடியாது என்று இன்று தெரிந்தது. ஊதுபத்தி ஐந்து கேட்ட ஆர்டர். திரை பச்சையாகி, லேபிளும் அச்சாகிவிட்டது. தட்டில் ஒரு பாக்கெட் மிச்சம் இருக்கிறது. அலமாரியிலிருந்து எடுத்து வரும் தம்பி ஒன்று கூடுதலாகக் கொண்டுவந்திருக்கலாம். ஸ்கேனர் ஒன்றை இரண்டாக எண்ணியிருக்கலாம். திரையைப் பார்த்து இதை முடிவு செய்ய வழியே இல்லை. பெட்டியைக் கொட்டி எண்ணினோம். நான்குதான் இருந்தது.

அப்போதுதான் தட்டின் அருமை புரிந்தது. எடுத்து வருபவர் வேறு, பேக்கிங் செய்பவர் வேறு. தம்பி பில்லைப் பார்த்து எண்ணிக்கொண்டு வருகிறார். ஸ்கேனர் தன் போக்கில் எண்ணுகிறது. இரண்டும் தனித்தனிக் கணக்கு. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறுவது அபூர்வம். ஆகவே ஓர் ஆர்டருக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டோம். திரை பச்சையாகும்போது தட்டு காலியாக இருக்க வேண்டும். பச்சையாகியும் தட்டில் ஏதாவது மிச்சமிருந்தால், அல்லது தட்டு காலியாகியும் திரை இன்னும் கேட்டால், பெட்டியைக் கொட்டி எண்ண வேண்டும். "ஒன்றுதானே, சேர்த்துப் போட்டுவிடலாம்" என்ற பேச்சே கூடாது.

செப்டம்பர் 29, திங்கள்

ஸ்கேன் சரி, தட்டு காலி, எண்ணிக்கை சரி. ஆனாலும் பொருள் தவறு. இன்று அதையும் பார்த்தாயிற்று.

பெட்டியை மூடப் போன அக்கா கையை நிறுத்தினார். "தம்பி, இது எலுமிச்சைப்புல் வாசனை. ஸ்டிக்கரில் வெட்டிவேர் என்றிருக்கிறது." முகர்ந்து பார்த்தேன், சந்தேகமே இல்லை. அலமாரியில் அந்த வரிசை முழுவதையும் இறக்கி முகர்ந்தோம். நாற்பது சோப்புகளில் ஸ்டிக்கர் மாறியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வெளிர்நிறக் காகித உறை என்பதால் கண்ணால் வித்தியாசம் காண முடியாது.

உறை போடும் மேசையில் இரண்டு ஸ்டிக்கர் சுருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு வந்தவர் அடுத்த சுருளைக் கையில் எடுத்துவிட்டார். ஸ்கேனர் படிப்பது ஸ்டிக்கரை மட்டும். உறைக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு ஸ்டிக்கர் தவறினால் ஒரு பார்சலோடு போகும். சுருள் தவறினால் அந்தத் தொகுதி முழுவதும் போய்விடும், அதுவும் ஒவ்வொரு பார்சலிலும் பச்சை காட்டிக்கொண்டே.

இனி உறை மேசையில் ஒரு நேரத்தில் ஒரு சுருள்தான். சாப்பாட்டுக்கு எழுந்தால் சுருளைக் கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். உட்கார்ந்ததும் ஒட்டும் முதல் சோப்பையும், தொகுதியின் கடைசிச் சோப்பையும் ஸ்கேன் செய்து, திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படித்து, முகர்ந்து பார்த்து ஏட்டில் கையெழுத்திட வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தராசுக்கும் லேபிள் இயந்திரத்துக்கும் பொட்டு வைத்தோம். ஸ்கேனருக்குத் தாங்கியில் மட்டும் வைக்கச் சொன்னேன். கண்ணாடியில் குங்குமம் பட்டால் நாளை மறுநாள் படிக்காது.

அக்டோபர் 6, திங்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம். தட்டுகள் மேசை வரை வரிசையில் நிற்கின்றன. பழைய முறையைவிட ஒவ்வொரு பார்சலுக்கும் சற்றே கூடுதல் நேரம் ஆகிறது. கூரியர் வண்டி வரும் ஐந்தரை மணிக்குள் முடிக்க, காலையில் அரை மணி முன்னதாகவே தொடங்குகிறோம்.

மதுரை வாடிக்கையாளர் மறுபடி ஆர்டர் கொடுத்திருக்கிறார். எலுமிச்சைப்புல் ஆறு, வெட்டிவேர் ஆறு. நான்காவது எலுமிச்சைப்புல்லுக்கு ஒலி வரவில்லை. அக்கா கையைப் பின்னுக்கு இழுத்து, மீண்டும் காட்டி, ஒலி கேட்ட பிறகே உள்ளே வைத்தார். பச்சை விழுந்ததும் தட்டை எடுத்துக் கவிழ்த்து என்னிடம் காட்டினார்.