மாமியின் பெயரில் யாருடைய சிம்? தலவாக்கலை நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாக மேல் லயத்து மாமி வந்து நின்றார். வழக்கமாக ரீலோட் போடத்தான் வருவார். இன்று கையில் அடையாள அட்டை மட்டும். பொலிஸில் இருந்து தோட்டத்துக்குப் போன் வந்ததாம். அவர் பெயரில் உள்ள ஒரு நம்பரில் இருந்து யாரையோ அழைத்து, பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்லிப் பணம் பறித்திருக்கிறார்களாம். வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமிக்கு இருப்பது ஒரே ஒரு போன், அதுவும் பட்டன் போன். "நான் யாருக்கு பரிசு குடுக்கப் போறேன்" என்று அவர் கேட்டபோது சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அவருடைய போனில் #132# அடித்துப் பார்த்தேன். ஒரு சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க நாங்கள் கடையில் வழக்கமாகப் போடும் கோடு இது. வந்த பதிலில் இருந்தது மாமியின் அடையாள அட்டை எண் அல்ல, கொழும்பில் வேலை செய்யும் மகனின் எண். சிம்மை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். சரிதான், தோட்டத்தில் பாதிப் பேர் பிள்ளைகள் பெயரில் உள்ள சிம்மைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நிறையப் பேருக்கு இந்த இடத்தில்தான் குழப்பம். அந்தக் கோடு போனைப் பிடித்திருக்கும் ஆளைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் சிம்மைப் பார்க்கிறது. சிம் மகன் பெயரில் என்றால் மகனுடைய விவரம்தான் வரும். அம்மாவின் பெயரில் நூறு இணைப்பு இருந்தாலும் அதில் தெரியாது.

மார்ச் 8, சனி

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கோட்டுக்குப் பதில் சொல்வது அந்த சிம்மின் நிறுவனம், அதுவும் தன் பதிவேட்டைப் பார்த்துத்தான். பக்கத்து நிறுவனத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 2024-இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்த பிறகு இங்கே மொபைல் நிறுவனங்கள் மூன்று: டயலொக், எஸ்எல்டி-மொபிடெல், ஹட்ச். மூன்றிலும் தனித்தனியாகப் பார்த்தால்தான் பார்த்ததாகக் கணக்கு. நம்மிடம் சிம்மே இல்லாத நிறுவனத்தில் கோடு போட வழியில்லை. அடையாள அட்டையோடு அவர்களுடைய சேவை நிலையத்துக்கு நேரில் போய், "என் எண்ணில் என்னென்ன இணைப்பு இருக்கிறது" என்று கேட்க வேண்டும்.

திருட்டுத்தனமாக எடுத்த சிம் நாம் எட்டிப் பார்க்காத நிறுவனத்தில் இருந்தால் வருடக்கணக்காகக் கண்ணில் படாது.

மாமி திங்கட்கிழமை அரை நாள் லீவு கேட்டிருக்கிறார். கங்காணி முறைத்தாராம், ஆனாலும் சரி என்றாராம்.

மார்ச் 10, திங்கள்

ஹட்டனுக்கு நானும் கூடப் போனேன். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான்.

பஸ்ஸில் மாமியின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். பழைய அட்டை, ஒன்பது இலக்கமும் கடைசியில் V எழுத்தும். 2016-இல் இருந்து வரும் புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். இரண்டும் ஒரே ஆளைத்தான் குறிக்கும். பழையதற்கு முன்னால் 19 போட்டு, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 சேர்த்து, V-யை எடுத்துவிட்டால் புதிய வடிவம் வந்துவிடும். 652345678V என்று ஓர் அட்டை இருந்தால் அது 196523405678 ஆகும்.

சிம் பதியும்போது ஒருவர் பழைய வடிவத்தைத் தட்டியிருப்பார், இன்னொருவர் புதியதைத் தட்டியிருப்பார். அதனால் துண்டுத்தாளில் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

முதலில் போன இடத்தில் இரண்டு வடிவத்திலும் தேடினார்கள், ஒன்றும் இல்லை. அடுத்த நிறுவனத்தில் பழைய எண்ணில் ஒன்று கிடைத்தது. மாமி பதறிப்போனார். நம்பரைக் குறித்துக்கொண்டு வெளியே வந்து மகனுக்கு எடுத்தேன். கொரோனா நேரத்தில் பேத்தியின் ஒன்லைன் வகுப்புக்கு வாங்கிய ரவுட்டர்! அதற்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது, அதற்கும் ஒரு நம்பர் உண்டு. யாரும் அதில் பேசுவதில்லை, அதனால் யாருக்கும் நினைவில்லை. தெரியாத நம்பரைக் கண்டவுடன் வெட்டச் சொல்லியிருந்தால் பிள்ளைக்கு இன்டர்நெட் போயிருக்கும். வெளிநாட்டுக்குப் போன தங்கைக்கு எடுத்துக் கொடுத்தது, டோங்கிள் என்று இப்படி வீட்டுக்குள்ளேயே பதில் இருக்கும் நம்பர்கள் பல. முதலில் வீட்டில் கேட்க வேண்டும்.

மூன்றாவது நிறுவனத்தில்தான் அது இருந்தது. மாமி அங்கே ஒருநாளும் சிம் வாங்கியதில்லை. பன்னிரண்டு இலக்க வடிவத்தில் பதிவு, பொலிஸ் சொன்ன அதே நம்பர்.

மார்ச் 13, வியாழன், போயா

கடை மூடியிருந்ததால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்று கவுண்டரில் இருந்த தம்பி, "அம்மா பெயரில்தானே இருக்கு, வேணும்னா புது சிம் போட்டு நீங்களே எடுத்துக்கலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எடுத்தால், அந்த நம்பர் எங்களுடையது என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஏமாந்தவர்கள் அந்த நம்பருக்குத்தான் திரும்ப அழைப்பார்கள். வேண்டாம் என்றேன்.

கடிதம் கொடுத்தோம். இந்த நம்பரை நான் வாங்கவில்லை, பயன்படுத்தியதும் இல்லை, என் பெயரில் இருந்து நீக்கி இணைப்பைத் துண்டிக்கவும் என்று நான் தமிழில் எழுத, மாமி கையெழுத்துப் போட்டார். கவுண்டரில் சிங்களப் படிவம் ஒன்றையும் நீட்டினார்கள், அதில் இருந்ததை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. கடிதத்தின் கொப்பியில் திகதியும் சீலும் கேட்டு வாங்கினேன். முழுக் காரியத்திலும் கனமான தாள் அதுதான். இணைப்பைத் துண்டிப்பதால் நேற்றுவரை அந்த நம்பரில் நடந்தது அழியாது. "இது என்னுடையதல்ல" என்று எந்தத் திகதியில் சொன்னோம் என்பதற்கு அந்த சீல்தான் சாட்சி.

எந்தக் கடையில், எந்த நாளில், என்ன ஆவணம் காட்டிப் பதிந்தார்கள் என்றும் கேட்டேன். திகதியை மட்டும் சொன்னார்கள். மற்றதைப் பொலிஸ் கேட்டால் கொடுப்போம் என்றார்கள்.

அந்தத் திகதியைக் கேட்டதும் மாமி யோசித்தார். அந்தச் சமயம்தான் தவணைக்குத் தையல் மெஷின் எடுக்க அட்டைக் கொப்பி கொடுத்தாராம். அங்கிருந்துதான் போனது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் கடையில் கொப்பி எடுக்க வருகிறவர்களிடம் இப்போது ஒன்று சொல்கிறேன்: எண்ணை மறைக்காமல், கொப்பிக்குக் குறுக்கே பேனாவால் "தவணைக் கொள்வனவுக்கு மட்டும்" என்று எழுதித் திகதி போடுங்கள். அந்தக் கொப்பியை வைத்து சிம் பதியப் போகிறவனுக்குக் கொஞ்சமாவது சிரமமாக இருக்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

மாமி பொலிஸுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தார். சீல் வைத்த கொப்பியைக் காட்டி, தன் பெயரில் சிம் எடுத்தது யார் என்று தேடச் சொல்லித் தனியாக ஒரு முறைப்பாடும் போட்டார். முறைப்பாட்டு இலக்கத்தை அடையாள அட்டை உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார்.

மார்ச் 21, வெள்ளி

நம்பரைத் துண்டித்துவிட்டதாகச் சொன்னார்கள். சொன்னதோடு விடாமல், ஹட்டனுக்கு வேறு வேலையாகப் போன தம்பியுடன் மாமியையும் அட்டையோடு அனுப்பி இரண்டு வடிவத்திலும் திரும்பத் தேடச் சொன்னேன். இப்போது ஒன்றுமில்லை. அவர்கள் இழுத்தடித்திருந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு, 1900-க்கு, எடுத்திருப்பேன். தேவைப்படவில்லை.

மாமியின் பட்டன் போன் சிம்மை மட்டும் இன்னும் மாற்றவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு மகன் வரும்போது இருவருமாகப் போய் மாமியின் பெயருக்கு மாற்றிவிடுவார்களாம்.