நான்கு வருடம், நான்கு தொகை: என் பிபிஎஃப் கணக்கை நானே போட்டுப் பார்த்தது

தையல் கடை வருமானம் ஒரு வருடம் போல இன்னொரு வருடம் இருக்காது. அதனால் போஸ்ட் ஆபீஸில் இருக்கும் என் பிபிஎஃப் கணக்கிலும் ஒரே தொகையைப் போட முடிந்ததில்லை. 2021 ஏப்ரலில் 60,000 ரூபாய் போட்டுக் கணக்கைத் தொடங்கினேன். 2022இல் 15,000, 2023இல் 40,000, 2024இல் 25,000. மொத்தம் 1,40,000. இந்த நான்கு வருடமும் வட்டி 7.1 சதவீதம்தான், மாறவே இல்லை.

2025 மார்ச் 31க்கு வட்டி ஏறியதும் பாஸ்புக்கில் பதிந்து வந்தேன். இருப்பு 1,69,772 ரூபாய். இது சரியா என்று பார்க்க ஆசைப்பட்டு, மொபைலில் ஒரு கால்குலேட்டரைத் திறந்தேன். அது வருடத்துக்கு ஒரே தொகையைத்தான் கேட்டது. 1,40,000ஐ நாலால் வகுத்து 35,000 என்று கொடுத்தேன். விடை 1,66,678. பாஸ்புக்கில் மூவாயிரத்துக்கு மேல் அதிகமாக இருக்கிறதே என்று குழம்பிப் போனேன்.

அன்று ரவிக்கை வாங்க வந்த கணக்கு டீச்சரிடம் நோட்டைக் காட்டினேன். "சராசரி எடுக்காதீங்கம்மா. ஒவ்வொரு பணத்துக்கும் வயசு தனி. அந்தந்தப் பணம் எத்தனை வருஷம் உள்ளே இருந்ததுன்னு பார்த்து, தனித்தனியா வளர்த்துட்டு, கடைசியில கூட்டுங்க" என்றார்.

முதலில் வயதை எழுதினேன். இங்கேதான் தடுமாற்றம் வரும். 2024 ஏப்ரலில் போட்ட பணம் 2025 மார்ச் வரை முழுதாக ஒரு வருடம் இருந்திருக்கிறது. கடைசிப் பணம்தானே என்று அதற்கு 0 போட்டால், எல்லாத் தொகைக்கும் ஒரு வருட வட்டி விட்டுப்போகும். கடைசித் தொகை வட்டியே இல்லாமல் அப்படியே நின்றால், எண்ணியதில் தவறு என்று அர்த்தம்.

ஒரு வருட வளர்ச்சி என்றால் 1.071ஆல் ஒரு முறை பெருக்குவது. நான்கு வருடம் என்றால் நான்கு முறை பெருக்க வேண்டும். நோட்டில் இப்படி வந்தது:

```
60000 × 1.071^4 = 78942
15000 × 1.071^3 = 18427
40000 × 1.071^2 = 45882
25000 × 1.071^1 = 26775
மொத்தம்         = 170026
```

சராசரிக் கணக்கு ஏன் குறைத்துக் காட்டியது என்பதும் புரிந்தது. என் பெரிய தொகை முதல் வருடமே உள்ளே போய்விட்டது. நான்கு வருடமும் வட்டிக்கு வட்டி வாங்கியது அதுதான். இதே நான்கு தொகைகளைத் தலைகீழாக, 25,000இல் தொடங்கி 60,000இல் முடித்திருந்தால் எவ்வளவு என்றும் போட்டுப் பார்த்தேன். 1,63,497தான் வந்தது. கையிலிருந்து போன பணம் அதே 1,40,000, ஆனால் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வித்தியாசம். கூட்டுத்தொகையோ சராசரியோ இதைக் காட்டவே காட்டாது.

ஆனால் என் 1,70,026க்கும் பாஸ்புக்கின் 1,69,772க்கும் நடுவே இன்னும் 254 ரூபாய் இடித்தது. சின்னத் தொகைதான், ஆனாலும் விட மனமில்லை. தனித்தனியாக எழுதியிருந்ததால் ஒவ்வொரு வரியாக பாஸ்புக் தேதியோடு ஒப்பிட முடிந்தது. மற்ற மூன்றும் ஏப்ரல் 5க்குள் போட்டவை. 2023இன் 40,000 மட்டும் ஏப்ரல் 6இல் பதிவாகியிருந்தது.

பிபிஎஃப்பில் ஒரு மாதத்தின் 5ஆம் தேதி முடிவதிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஒரு நாள் தள்ளிப் போனதால் அந்த 40,000க்கு ஏப்ரல் வட்டி கிடையாது. முதல் வருடத்தில் 2,840க்குப் பதில் 11 மாதத்துக்கு 2,603 ரூபாய். அதைச் சேர்த்து அடுத்த வருடத்துக்கு 1.071ஆல் பெருக்கினால் 45,882 இருந்த இடத்தில் 45,628 வருகிறது. மொத்தம் 1,69,772. பாஸ்புக்கோடு அப்படியே பொருந்தியது.

இதே மாதிரி போட்டுப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1.071ஐ மறுபடி மறுபடி பெருக்க முடிந்தது வட்டி மாறாததால்தான். பிபிஎஃப் வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கிறது. ஒரு வருடம் 7.1, அடுத்த வருடம் 7.5 என்றிருந்தால் அந்தப் பணத்தை 1.071 × 1.075ஆல் பெருக்க வேண்டும். பணம் உள்ளே இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் அந்த வருடத்து வட்டி.

இப்போது நோட்டில் தொகைக்குப் பக்கத்தில் போட்ட தேதிக்கும் ஒரு கட்டம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.