மின்விசிறி நின்ற பிறகும் கேட்ட ஒலி

சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் மின்சாரம் தடைபட்டு மின்விசிறி நின்றபோதுதான், என் காதுக்குள் ‘ஈ’ என்று ஒரு மெல்லிய ஒலி நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதை முதன்முதலாகக் கவனித்தேன். கொசு என்று நினைத்துக் கையை வீசினேன். தலையணையில் எந்தக் காதை வைத்து அழுத்தினாலும் அது குறையவில்லை. அப்போது எனக்கு வயது 26. செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் வாரம் ஆறு நாள் வேலைக்குப் போய் வருகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், இரண்டு வேளையும் காதில் இயர்பட்ஸ் இருக்கும்.

பின்னோக்கிப் பார்த்தால் அறிகுறிகள் முன்பே இருந்திருக்கின்றன. மாலையில் ரயிலை விட்டு இறங்கியதும் காதில் பஞ்சு அடைத்ததுபோல் ஒரு மந்தம் இருக்கும். தூங்கி எழுந்தால் போய்விடும் என்பதால் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். அலுவலக உணவகத்தில் எதிரே இருப்பவர் பேசுவது கேட்கும், ஆனால் சொற்கள் பிடிபடாது. ஒருமுறை தோழி “காசு” என்றதை நான் “காது” என்று கேட்டுவிட்டு, “காதுக்கு என்ன?” என்று கேட்டு வைத்தேன். இன்று நினைத்தால் அது வேடிக்கையாக மட்டும் தோன்றவில்லை.

காது, மூக்கு, தொண்டை மருத்துவர் முதலில் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்து, குறும்பி அடைப்போ செவிப்பறையில் ஓட்டையோ இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒலி புகாத ஒரு சிறு அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். ஒலி எவ்வளவு மெலிதாகக் கேட்டாலும் அழுத்த வேண்டும். கேட்டதும் ஒலியைப் பத்து டெசிபல் குறைப்பார்கள், கேட்காதபோது ஐந்து ஐந்தாக ஏற்றுவார்கள்; இப்படி ஒவ்வொரு சுருதியிலும் நமக்குக் கேட்கும் மிகச் சிறிய அளவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

முடிவாகக் கிடைத்த ஆடியோகிராம் ஒரு வரைபடம்; ஒலி கேட்க எத்தனை டெசிபல் கூடுதலாக வேண்டுமோ அந்த அளவுக்கு அதில் கோடு கீழே இறங்கும். தாழ்ந்த சுருதிகளில் என் கோடு பத்து டெசிபலை ஒட்டி நேராகச் சென்று, 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் வலது காதில் 40க்கும் இடது காதில் 35க்கும் பள்ளம்போல் இறங்கி, 8000இல் மறுபடி மேலே ஏறியிருந்தது. முதுமையால் வரும் குறைபாட்டில் கோடு உயர்ந்த சுருதிகளை நோக்கிச் சரிந்துகொண்டே போகும் என்றும், சரிந்து மீண்டும் ஏறும் இந்தப் பள்ளம் பெரும்பாலும் இரைச்சலால் ஏற்படுவது என்றும் பரிசோதித்த ஆடியாலஜிஸ்ட் விளக்கினார். ‘ச’ போன்ற மெய்யொலிகளின் உரசல் ஓசை உயர்ந்த சுருதிகளில்தான் இருக்கிறது. உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் ஓங்கி ஒலிப்பதால் யாரோ பேசுவது எனக்குத் தெரிந்தது. என்ன சொல்கிறார் என்பதுதான் சந்தடியில் நழுவியது.

அதன்பின் அவர் கேட்ட கேள்வியில்தான் என் தவறு வெளிப்பட்டது. “வரும் வழியில் பாட்டுக் கேட்டீர்களாம்மா?” வழக்கம்போல் ஒரு மணி நேரம் கேட்டிருந்தேன். உரத்த ஒலிக்குப் பிறகு உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் சில மணி நேரத்துக்கு, சிலவேளை ஓரிரு நாளுக்குச் சோர்ந்துபோகும் என்பதால், அந்நிலையில் செய்யும் பரிசோதனையில் தற்காலிக இழப்பும் நிரந்தர இழப்பும் கலந்து தெரியும். மூன்று நாள் இயர்பட்ஸ் இல்லாமல் இருந்துவிட்டு வரச் சொன்னார். இரண்டாம் முறை வலது காது 30, இடது காது 25. பரிசோதனைக்குப் பரிசோதனை ஐந்து டெசிபல் மாறுவது இயல்பு. இரண்டு காதிலும் பத்து டெசிபல் திரும்பியதால் அது பெரும்பாலும் சோர்வு நீங்கியதன் பயன் என்றார். எஞ்சியது திரும்பாது. மனிதரின் உட்செவியில் அழிந்த மயிர்ச்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை.

எவ்வளவு கேட்டால் ஆபத்து என்பதை என் கைப்பேசியை வைத்தே அவர் கணக்கிட்டுக் காட்டினார். அண்ணன் கொடுத்த பழைய ஐபோன் அது. அதன் Health செயலியில் Hearing பகுதிக்குள் Headphone Audio Levels என்ற இடத்தில், நாம் கேட்ட ஒலியின் அளவு டெசிபலில் பதிவாகியிருக்கிறது. வேறு நிறுவனத்தின் இயர்பட்ஸ் என்றால் அது தோராயமான மதிப்பீடுதான். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த வரம்பு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும்: 83இல் 20 மணி, 86இல் 10, 89இல் 5, 92இல் இரண்டரை. ரயில் நேரத்தில் என் பதிவு 92ஐ ஒட்டி இருந்தது. வாரத்துக்கு 12 மணி நேரம் என்றால் வரம்பைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

வீட்டில் இரவில் கேட்டதையும் அதே கணக்கில் போட்டார். அங்கே அளவு 74 டெசிபல்தான். அந்த அளவில் வாரத்துக்கு 160 மணி நேரம் அனுமதி உண்டு, நான் கேட்டதோ 14 மணி நேரம். “இராத்திரி முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு கிடக்கிறாள்” என்று அம்மா திட்டியது தவறான நேரத்தைக் குறிவைத்துத்தான். என் காதைக் கெடுத்தவை ரயிலில் கழிந்த இரண்டு மணி நேரங்கள்.

காரணம் எளியது. சன்னல் திறந்த பெட்டியின் இரைச்சலை ஒலிமானிச் செயலி ஒன்றால் அளந்தபோது 82 காட்டியது. பாட்டு அதற்கு மேல் கேட்கவேண்டும் என்று கை தானாக ஒலியை ஏற்றுகிறது. என் இயர்பட்ஸின் ரப்பர் முனை காதுக்குப் பெரிதாக இருந்து சரியாகப் பொருந்தாததால் வெளியிரைச்சல் உள்ளே வந்துகொண்டிருந்தது. இயர்பட்ஸ் வாங்கிய பெட்டியிலேயே கிடந்த சிறிய முனையை மாட்டி அழுத்தி வைத்ததும், முன்பைவிடக் குறைந்த ஒலியிலேயே பாடல் தெளிவாகக் கேட்டது. பிறகு Settings > Sounds & Haptics > Headphone Safety பகுதியில் Reduce Loud Audio என்பதை இயக்கி, 80 டெசிபலில் நிறுத்தினேன். அறுபது விழுக்காட்டுக்கு மேல் வைக்காதே என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் ஒரு கருவியின் அறுபதும் இன்னொன்றின் அறுபதும் ஒரே டெசிபல் அல்ல என்பதால் அதை நான் அளவுகோலாகக் கொள்ளவில்லை. இப்போது அதே 12 மணி நேரம் வார வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. முதல் வாரம் பாட்டு உயிரற்றதாகத் தோன்றியது உண்மை.

மருத்துவர் ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: ஒரு காது மட்டும் ஓரிரு நாளில் திடீரென்று மந்தமானால் அது என் குறைபாட்டைப் போன்றதல்ல; ஸ்டீராய்டு சிகிச்சை காலத்தோடு தொடங்கவேண்டியிருக்கும் என்பதால் அன்றே வரவேண்டும்.

ஆறு மாதம் கழித்து, அன்று காலை இயர்பட்ஸைத் தொடாமல் போய், மூன்றாவது பரிசோதனை செய்துகொண்டேன். வலது 30, இடது 25. பள்ளம் ஆழமாகவும் இல்லை, தூர்ந்துவிடவும் இல்லை. மாலையில் வரும் பஞ்சடைப்பு நின்றுவிட்டது. மின்விசிறி ஓடாத இரவுகளில் அந்த ‘ஈ’ மட்டும் இன்றும் இருக்கிறது.