கீசரும் அயனும் ஒரே பிறேக்கரில்

06 தை 2025, திங்கள்

காலை ஆறரைக்குத் தங்கச்சி அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள்: "அண்ணா, கரண்ட் போட்டுது!" வீடு முழுக்கப் போகவில்லை. குசினியில் லைட் எரிந்தது, பிரிட்ஜும் ஓடியது. விறாந்தைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ட்ரிப் சுவிட்ச் மேலேதான் நின்றது. சின்ன பிறேக்கர்களில் ஒன்று மட்டும் விழுந்திருந்தது. அதில் விரலை வைத்தால் பக்கத்துப் பிறேக்கரைவிட நல்ல சூடு.

கரண்ட் ஒழுகியிருந்தால் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கும். ஷோர்ட் என்றால் போட்ட கணமே பிறேக்கர் விழும். இது கீசரும் அயனும் சேர்ந்து இருபத்தைந்து நிமிடம் ஓடிய பிறகு விழுந்தது. அப்படியென்றால் பாரம் கூடித்தான்.

07 தை, செவ்வாய்

பின்னேரம் அந்தப் பிறேக்கரை இறக்கிவிட்டு வீட்டைச் சுற்றினேன். குளியலறைக் கீசரும் தங்கச்சியின் அறைப் பிளக்குகளும் செத்தன. இரண்டும் ஒரே லைன் என்பது இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது.

பிறேக்கரில் C16 என்று அடித்திருக்கிறது, அதாவது 16 அம்பியர். கீசர் 50 லீற்றர், 3000 வோட்ஸ். தங்கச்சி மார்கழியில் வாங்கிய ஸ்ரீம் அயன் 1600 வோட்ஸ். வோட்ஸை 230 வோல்ற்றால் பிரித்தால் அம்பியர் வரும்:

```
3000 / 230 = 13.0
1600 / 230 =  7.0
மொத்தம்    = 20.0
```

16 அம்பியர் பிறேக்கரில் 20. கணக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது, தாங்காது. ஆனால் அம்மா கேட்ட கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது: "பழைய அயனோட ஒருநாளும் விழேல்லையேடா?"

பழையது 1000 வோட்ஸ், 4.3 அம்பியர். கீசரோடு சேர்த்து 17.4. அதுவும் 16-ஐத் தாண்டியதுதான். ஆனால் வீட்டுப் பிறேக்கர் 16-ஐத் தொட்டதும் விழுகிற சாமான் இல்லை. உள்ளே இருக்கிற உலோகத் தகடு சூடாகி வளைந்துதான் அதை விழுத்துகிறது. இந்த வகைக்கு உள்ள தரவிதிப்படி, 1.13 மடங்கு வரை, அதாவது 18 அம்பியர் போனால் ஒரு மணித்தியாலத்துக்குள் அது விழக்கூடாது. 1.45 மடங்கு, அதாவது 23 அம்பியர் போனால் ஒரு மணித்தியாலத்துக்குள் கட்டாயம் விழவேண்டும். இடைப்பட்டதில் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. பழைய அயன் 18-க்குள் நின்றது, புதியது இடைவெளிக்குள் போய்விட்டது.

ஆகவே, "போட்டுப் பார்த்தோம், விழவில்லை" என்பது ஒரு சோதனையே இல்லை. பட்டுச்சேலைக்கு அயன் விட்டுவிட்டுத்தான் கரண்ட் இழுக்கும், பிறேக்கரும் இடையில் ஆறிவிடும். நேற்றுத் தேய்த்தது தடிப்பான பருத்திச் சேலை.

09 தை, வியாழன்

பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: "32 ஒண்டு வாங்கிப் போட்டுவிடு தம்பி, அலுப்பே இல்லை." அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். வயறிங் செய்கிற அண்ணையைக் கூப்பிட்டேன்.

அவர் மெயினை நிற்பாட்டி, ரெஸ்ரரை வைத்துப் பார்த்துவிட்டு, கீசர் சுவிட்சைக் கழற்றினார். திருகு இறுகியிருந்த இடத்தில் சிவப்பு வயரின் தோல் பழுப்பாகி, நகத்தால் தொட்டதும் அப்பள விளிம்புபோல உடைந்து விழுந்தது. உள்ளே செம்பு கறுத்திருந்தது.

"இது 7/0.53, தம்பி. ஒன்றரை எம்எம். சுவருக்குள்ள குழாயில போற இந்த வயருக்கு 16 தான் கடைசி. 32 போட்டிருந்தா பிறேக்கர் விழாது, வயர்தான் எரியும்."

பிறேக்கர் காப்பது வயரை. வயர் மாறாமல் பிறேக்கரை மட்டும் பெருப்பிக்கக்கூடாது என்று மாமாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் வீட்டிலும் ஒன்றை அப்படி மாற்றியிருக்கிறாராம். அண்ணை நாளைக்கு அங்கேயும் போவார்.

12 தை, ஞாயிறு

வேலை முடிந்தது. கீசருக்குப் பெட்டியிலிருந்து தனி லைன்: 7/0.85 வயர், அதாவது நாலு எம்எம், எர்த்தும் சேர்த்து. அதற்கு 20 அம்பியர் பிறேக்கரும், இரண்டு வயரையும் ஒன்றாக வெட்டுகிற சுவிட்சும். அறை லைனில் கருகிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, பழைய 16-ஐயே விட்டார். இப்போது அதில் அயனின் 7 மட்டும்தான்.

இரண்டு நாள் இடையில் வேறு வழி இல்லாமல் மாறி மாறிப் போட்டோம். 50 லீற்றர் சூடாக நாற்பது நிமிடம் மட்டில் எடுக்கும். கீசரின் சிவப்பு லைட் அணைந்ததும் கீசரை நிற்பாட்டிவிட்டுத்தான் அயன்.

இன்று இரண்டையும் சேர்த்து ஒரு மணித்தியாலம் ஓடவிட்டேன். பொங்கலுக்கு அப்பாவின் வேட்டிகளை அம்மா தேய்த்தா. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிறேக்கரையும் சுவிட்ச் மூடியையும் தொட்டுப் பார்த்தேன். கீசர் பிறேக்கர் இளஞ்சூடு, சுவிட்ச் குளிர்.

ஒன்று மிச்சம். எங்கள் வீட்டுக்கு வருகிற இணைப்பு மொத்தம் 30 அம்பியர். கீசர், அயன் இரண்டும் 20. மின் கேத்தல் 2000 வோட்ஸ், இன்னொரு 8.7. பிரிட்ஜும் கிணற்று மோட்டரும் சேர்ந்தால் தாண்டிவிடும். காலைத் தேத்தண்ணிக்குக் காஸ் அடுப்பையே பாவிக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.