பணம் வராத பில்லுக்கும் வரி: ஒரு கடன் விற்பனையை எழுதிப் பார்த்த அனுபவம்

கிருஷ்ணகிரியில் ஒரு இரும்புக் கம்பிக் கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி கேட்ட கேள்வி இது: "ஏம்மா, தர்மபுரி கான்ட்ராக்டர் இன்னும் ஒரு ரூபா தரலை. அவர் பில்லுக்கு நான் எதுக்கு வரி கட்டணும்?" அதற்குப் பதில் சொல்ல அந்த ஒரு பில்லைத்தான் முதலிலிருந்து கடைசி வரை எழுதிக் காட்டினேன்.

கம்பியின் விலை 1,00,000 ரூபாய். கம்பிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வாங்குபவரும் தமிழ்நாட்டுக்காரர், சரக்கு இறங்குவதும் தர்மபுரியில். அதனால் வரி சிஜிஎஸ்டி என்று மத்திக்கு 9,000, எஸ்ஜிஎஸ்டி என்று மாநிலத்துக்கு 9,000 எனப் பிரியும். பில் தொகை 1,18,000. சரக்கு ஒசூர் எல்லையைத் தாண்டி கர்நாடகத்து அத்திப்பள்ளியில் இறங்கியிருந்தால் இரண்டும் சேர்ந்து ஐஜிஎஸ்டி 18,000 என ஒரே வரியாக வந்திருக்கும். தூரம் கொஞ்சம்தான், ஆனால் லெட்ஜரே மாறிவிடும்.

பில் தேதியில் போட்ட பதிவு:

கான்ட்ராக்டர் கணக்கு, பற்று 1,18,000
விற்பனை கணக்கு, வரவு 1,00,000
அவுட்புட் சிஜிஎஸ்டி, வரவு 9,000
அவுட்புட் எஸ்ஜிஎஸ்டி, வரவு 9,000

அவர் நமக்குத் தர வேண்டியது வரியோடு சேர்த்து முழுத் தொகை. நமக்கு வருமானம் ஒரு லட்சம் மட்டும். மீதி 18,000 அரசுக்குக் கொடுக்க வேண்டிய கடன், அதனால் அது பொறுப்புப் பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. சரக்கு விற்பனையில் வரிப் பொறுப்பு பில் தேதியிலேயே பிறந்துவிடும், பணம் எப்போது வந்தாலும் சரி. முதலாளியின் கேள்விக்குப் பதில் இதுதான்.

எனக்கு முன்னால் இருந்தவர் சில பில்களில் 1,18,000 முழுவதையும் விற்பனையிலேயே வரவு வைத்திருந்தார். கான்ட்ராக்டர் பாக்கி சரியாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த மாத விற்பனை லெட்ஜரையும் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1ல் காட்டிய வரிக்கு முந்தைய மதிப்பையும் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது. வித்தியாசம் அப்படியே அந்த பில்களின் வரித் தொகையாக இருந்தது. லாபம் கூடுதலாகவும் வரிப் பொறுப்பு குறைவாகவும் நின்றன. இப்போது மாதா மாதம் இந்த ஒப்பீட்டைச் செய்துவிட்டுத்தான் ரிட்டர்ன் போடுகிறேன்.

இனி அரசிடமிருந்து நமக்கு வரவேண்டிய பக்கம். அதே கம்பியைச் சேலத்து டீலரிடம் 80,000க்கு, அதுவும் கடனுக்குத்தான் வாங்கியிருந்தோம். கொள்முதல் 80,000, இன்புட் சிஜிஎஸ்டி 7,200, இன்புட் எஸ்ஜிஎஸ்டி 7,200 மூன்றும் பற்று. டீலர் கணக்கு 94,400 வரவு. இந்த 14,400 செலவு இல்லை, அரசிடம் நமக்கு இருக்கிற வரவு. ஆனால் டீலர் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டி, நமக்குக் கிடைக்கும் இன்புட் வரியைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் அது வந்திருந்தால்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

மாதக் கடைசியில் இரண்டையும் நேர் செய்தேன். அவுட்புட் சிஜிஎஸ்டி 9,000 பற்று, இன்புட் சிஜிஎஸ்டி 7,200 வரவு, மீதி 1,800 கட்ட வேண்டிய வரிக் கணக்கில் வரவு. எஸ்ஜிஎஸ்டிக்கும் இதே மாதிரி. ஒன்றின் மிச்சத்தை மற்றொன்றுக்கு எடுக்கக்கூடாது என்பதால்தான் தனித்தனி லெட்ஜர். அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் பேங்கிலிருந்து 3,600 போனது. "பதினெட்டாயிரம்னு பயந்தேனே" என்றார் முதலாளி. பயம் முழுக்கத் தீர வேண்டியதும் இல்லை. சேலத்துக்கு 94,400 பாக்கி இருக்கிறது, அதில் 14,400 வரியாயிற்றே.

கான்ட்ராக்டர் புத்தகத்தில் இதே பில் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நிற்கும். அவருக்கு 18,000 இன்புட், பற்று. நம் கடை 1,18,000 வரவு. அவர் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால், எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பாக்கி கேட்டுப் போன் போடும்போது இதைச் சொன்னால் மரியாதை கொஞ்சம் கூடுகிறது. நமக்கும் சேலத்து டீலரிடம் அதே கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை.

இப்போதெல்லாம் முதலாளி கடன் பார்ட்டிகளிடம், "வரியை மட்டும் முதல்ல குடுத்துடுங்க, சரக்குப் பணம் மெதுவா வரட்டும்" என்று கேட்டு வாங்குகிறார். அப்படி 18,000 வந்தால் அதை அவுட்புட் லெட்ஜரில் கொண்டு போய்ப் போடத் தோன்றும். போடக்கூடாது. வரி பில் தேதியிலேயே எழுதியாயிற்று. பேங்க் பற்று 18,000, கான்ட்ராக்டர் கணக்கு வரவு 18,000. பாக்கி 1,00,000.