மூன்று பன்னிரண்டான கணக்கு

பெங்களூரு பீன்யாவில் அந்த லேத் பட்டறையின் கணக்கை இன்றும் நான்தான் பார்க்கிறேன். மூன்று பங்குதாரர்களில் மூத்தவர் விலகியபோது அவர் பங்குக்கு விலை போட்டதும் நானே. கூட்டலில் பிழை இல்லை. இருந்தும் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை.

விலகுபவருக்குக் கடைசி ஐந்தொகைப்படி மூலதனக் கணக்கில் நிற்கும் தொகையும், தொழிலின் நற்பெயருக்குப் போடும் விலையான குட்வில்லில் மூன்றில் ஒரு பங்கும் சேரும் என்று கூட்டாண்மைப் பத்திரம் சொன்னது. குட்வில் என்பது மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தைப் போல் இரு மடங்கு. லாபம் 12, 15, 27 லட்சம். அந்த 27-இல் 9 லட்சம், பழைய இயந்திரம் ஒன்றை விற்று வந்தது. தேய்மானம் போக புத்தகத்தில் 3 லட்சமாக நின்றதை 12 லட்சத்துக்கு வாங்கிப் போனார்கள். ஆண்டுதோறும் வராத வரவைச் சராசரியில் சேர்க்கக் கூடாது. தவிர, அதில் அவருடைய 3 லட்சம் மூலதனக் கணக்கில் ஏற்கெனவே ஏறியிருந்தது. கழித்தேன். சராசரி 18-இலிருந்து 15-க்கு இறங்கியது. குட்வில் 30, அவர் பங்கு 10. மூலதனம் 11. மொத்தம் 21 லட்சம்.

நகக்கண்ணில் கிரீஸ் கறுத்த விரலை அந்த வரியில் வைத்தபடி கேட்டார்: “தம்பி, இந்த ஒன்பதைக் கழித்தது சரி. மூன்று என்று எழுதியது பன்னிரண்டுக்குப் போனதே, உள்ளே நிற்கிற நான்கும் மட்டும் எழுதிய விலைக்கா போகும்?”

“பத்திரத்தில் ஐந்தொகைப்படி என்றுதான் இருக்கிறது, ஐயா.”

அவர் மேலே பேசவில்லை. கையெழுத்துப் போட்டார்.

பத்திரம் அப்படித்தான் இருந்தது. அதில் அவரும் கையெழுத்திட்டவர். ஆனால் பங்குதாரர் விலகும்போது சொத்துகளை மறுமதிப்பீடு செய்து, கூடும் தொகையை எல்லோருடைய மூலதனக் கணக்கிலும் பிரித்து ஏற்றுவது வழக்கம். மூவரும் ஒப்பினால் ஒரு கடிதம் போதும். நான்கு இயந்திரங்களும் புத்தகத்தில் 14 லட்சம். சந்தையில் 32 என்று வைத்தாலும் கூடுதல் 18; அவருக்கு 6. ஒரே விற்பனையைச் சராசரியைக் குறைக்கச் சான்றாக எடுத்தேன், புத்தக மதிப்பைச் சந்தேகிக்க எடுக்கவில்லை. எனக்குச் சம்பளம் தரப்போகிறவர்கள் மற்ற இருவர். அது கையைத் தடுத்ததா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. பட்டறையை மேற்பார்த்த அவர் சம்பளம் எடுத்ததில்லை. அவர் இடத்தில் மாதம் 30 ஆயிரத்துக்கு ஆள் வைத்தால் ஆண்டுக்கு 3.6 லட்சம். அதைக் கழித்திருந்தால் சராசரி 11.4, அவருடைய குட்வில் 7.6 என்று சுருங்கியிருக்கும். நான் கழிக்கவில்லை. அவருக்கு 2.4 லட்சம் கூடத்தான் கிடைத்தது என்று சொல்லிக்கொள்கிறேன். அன்று இது என் நினைவிலேயே இல்லை. பிறகு தேடிப் பிடித்த சமாதானம்.

போன மாதம் அந்த நான்கில் ஒன்றை விற்றார்கள். புத்தகத்தில் மூன்று லட்சம்; வந்தது எட்டு. ஐந்து லட்சத்தை லாபத்தில் எழுதி, இரண்டாகப் பிரித்தேன்.